‘இந்தக் கிழமை போடவில்லையா அக்கா?’: வாராந்தப் பதிவுக்கு ஒரு நிலையான பெயர்

வாசகி கேள்வி

“கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், வயது 27. கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் வரும் அரச வர்த்தமானியைப் பார்த்து, அதிலுள்ள வேலைவாய்ப்புகளைச் சுருக்கி ஒவ்வொரு கிழமையும் என் பேஸ்புக் பக்கத்திலும் வாட்ஸ்அப் சேனலிலும் போடுகிறேன். எட்டு மாதமாகிறது, 4,000 பேரளவில் பின்தொடர்கிறார்கள். ‘பட்டதாரிகளே, தவறவிடாதீர்கள்!’, ‘அரச வேலை உங்கள் கையில்!’ என்று ஒவ்வொரு முறையும் புதுத் தலைப்பு வைப்பேன். ஒரே தலைப்பு என்றால் சனத்துக்குச் சலித்துவிடும், பேஸ்புக்கும் காட்டாது என்று நினைத்தேன். நேரம் கிடைக்கும் நாளில்தான் போடுவேன். ஆனால் போட்ட பிறகும் ‘இந்தக் கிழமை போடவில்லையா அக்கா?’ என்று கேட்கிறார்கள். போன மாதம் ஒரு தம்பி என் பழைய பதிவைப் பார்த்து, முடிவுத் திகதி கடந்த வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டார். ‘விடியலின் வாசல்’ என்று நிலையான பெயர் ஒன்று வைக்கலாமா? எல்லாக் கிழமையும் நல்ல வேலை வராதே, அப்போது என்ன செய்வது?”

பதில்

தங்கச்சி, அந்த ‘போடவில்லையா’ என்ற கேள்வியை நீங்கள் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தியாகப் படுகிறது. கேட்கிறார்கள் என்றால் தேடுகிறார்கள். உங்கள் பதிவு அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் அது கண்முன்னால் போனபோது, தாங்கள் தேடிய பதிவு அதுதான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் நின்றபடி விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர் எதையும் வாசிப்பதில்லை, பழகிய ஒன்றைக் கண்டால்தான் விரலை நிறுத்துவார். ‘அரச வேலை உங்கள் கையில்!’ என்ற வரியை இன்னும் பத்துப் பக்கங்கள் போடுகின்றன. வெளிநாட்டு வேலை முகவர்களும் போடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் உங்கள் பதிவு கரைந்துபோகிறது.

இதை நான் பத்திரிகையில் இருந்தபோது நேரில் பார்த்தேன். கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்த காலம். ஞாயிறு இதழில் மருத்துவக் கேள்வி பதில் ஒன்று வரும், ஆறாம் பக்கத்தில், இடப்பக்க ஓரத்தில், ஒரு கட்டத்துக்குள். ஒருமுறை பக்கங்களைப் புதுப்பிக்கிறோம் என்று அதைப் பதினோராம் பக்கத்துக்கு மாற்றி, கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த வாரக் கேள்வியையே பெரிய தலைப்பாகப் போட்டோம். எழுதியவர் அதே டொக்டர்தான், நீளமும் அதேதான். திங்கட்கிழமை காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: “அந்தப் பகுதியை ஏன் நிறுத்திவிட்டீர்கள்?” பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். அடுத்த ஞாயிறு அது பழைய இடத்துக்கே திரும்பிப் போனது.

சலித்துவிடும் என்ற பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சனத்துக்குச் சலிப்பது உள்ளடக்கம். பெயரை யாரும் வாசிப்பதில்லை, அடையாளம்தான் காண்கிறார்கள். இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சியை உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பாட்டுகள் நாளுக்கு நாள் மாறின. பெயரும் முகப்பிசையும் காலை நேரமும் மாறவில்லை. அந்த இசையைக் கேட்டுத்தான் வீட்டில் அடுத்த வேலைக்குப் போவார்கள். தினமும் ஒரு புதுப் பெயரோடு அது வந்திருந்தால் யாருக்கும் அந்தப் பழக்கம் வந்திருக்காது.

பேஸ்புக் காட்டாது என்பதும் சரியல்ல. பேஸ்புக் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை. ஒவ்வொருவரும் எதில் நிற்பார், எதைத் திறப்பார் என்று கணித்து அடுக்குகிறது. ஆகவே உங்கள் பதிவைக் கண்டதும் நின்று ‘மேலும் பார்க்க’ அழுத்துகிறவர்கள் கூடினால்தான் அது மேலே வரும். தலைப்பு புதியதா என்பது அதற்குப் பொருட்டில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘லைக் போடுங்கள், ஷேர் பண்ணுங்கள், நண்பரை டேக் செய்யுங்கள்’ என்று தூண்டும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக பேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது. உங்கள் பதிவுகளின் அடியில் அப்படி வரிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பெயர்

‘விடியலின் வாசல்’ அழகான பெயர். ஒரு கவிதைத் தொகுப்புக்கு வைக்கலாம், இதற்கு வேண்டாம். உங்களைப் பின்தொடராத ஒருவரின் கைக்கு அது வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தால், அது வேலைவாய்ப்புப் பதிவா, பக்திப் பதிவா, காலை வணக்கமா என்று அவருக்கு விளங்காது. மூன்று கிழமை கழித்து அதைத் தேட நினைக்கிறவருக்கும் ‘விடியல்’ என்ற சொல் ஞாபகம் வராது. ‘வர்த்தமானி’ அல்லது ‘வேலை’ என்றுதான் தட்டுவார். தேடுகிறவர் தட்டும் சொல் பெயருக்குள் இருக்க வேண்டும்.

நான் வைப்பதென்றால் ‘வர்த்தமானியில் வேலை’ என்று வைப்பேன். இரண்டே சொல். எங்கிருந்து எடுத்தது, என்ன இருக்கிறது என்ற இரண்டையும் அது சொல்லிவிடுகிறது. ‘வெள்ளி வர்த்தமானி’ என்ற பெயரும் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வெள்ளிக்கிழமை பதிவு வரும் என்ற வாக்கையும் கொடுத்துவிடுகிறது. வேலைக்குப் போகிற உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. அத்தோடு அந்தப் பெயர் அரசாங்கமே நடத்தும் பக்கம் போலவும் தோன்றும். அப்படித் தோன்றினால் விண்ணப்பங்களையும் அடையாள அட்டைப் பிரதிகளையும் உங்கள் இன்பொக்ஸுக்கே அனுப்பத் தொடங்குவார்கள். யாரோ ஒருவருடைய தனிப்பட்ட விவரங்கள் உங்கள் கையில் தேங்குவது உங்களுக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல. அதனால் ஒவ்வொரு பதிவின் கடைசி வரியிலும், மாறாமல், இதைப் போடுங்கள்: ‘இது தனிப்பட்ட சுருக்கம். விண்ணப்பிக்க முன் documents.gov.lk தளத்தில் முழு அறிவித்தலைப் பாருங்கள். விண்ணப்பங்களை எனக்கு அனுப்ப வேண்டாம்.’

பெயர் முடிவானதும் எழுத்தையும் பூட்டிவிடுங்கள். தமிழில் இது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். ‘வேலைவாய்ப்பு’ என்று சேர்த்தும் எழுதுகிறோம், ‘வேலை வாய்ப்பு’ என்று பிரித்தும் எழுதுகிறோம். நமக்கு இரண்டும் ஒன்று. தேடும் இயந்திரத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு எழுத்துக் கோவைகளாக இருக்கலாம். வேற்றுமை உருபு சேர்ந்தாலும் இதே கதைதான். போன கிழமைப் பதிவைப் பற்றிச் சொல்லும்போது ‘வர்த்தமானி வேலைகளில் சொன்னபடி’ என்று எழுதினால் பெயர் உருமாறிவிடுகிறது. ‘வர்த்தமானியில் வேலை’ பதிவில் சொன்னபடி என்று எழுதுங்கள். உருபு ‘பதிவு’ என்ற சொல்லோடு போகட்டும், பெயர் அப்படியே இருக்கட்டும்.

பாமினியில் தட்டச்சு செய்து பழகியவர் நீங்கள் என்றால் இன்னொரு இடத்திலும் கவனம் தேவை. பாமினி எழுத்தில் செய்த போஸ்டர் படமாகப் போனால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். அதே எழுத்தை எடுத்துப் பதிவில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். படத்துக்குள் என்ன எழுதினாலும் அதை நம்பித் தேட முடியாது, பார்வைக் குறைபாடு உள்ளவரின் தொலைபேசியும் ஒழுங்காக வாசித்துக் காட்டாது. படம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே நிறம், ஒரே அமைப்பு, திகதி மட்டும் பெரிதாக. ஆனால் பெயரும் விவரங்களும் யூனிகோட் தமிழில் பதிவிலும் இருக்க வேண்டும்.

முதல் வரி

பேஸ்புக்கிலும் சரி, வட்ஸ்அப் பட்டியலிலும் சரி, திறக்க முன் தெரிவது தொடக்கத்தில் உள்ள சில சொற்கள்தான். அந்த இடத்தில் மூன்று விஷயங்கள் போதும், எப்போதும் இதே ஒழுங்கில்:

வர்த்தமானியில் வேலை | ஜூன் 20 | சா/த 2, உ/த 3, பட்டம் 1

முதல் பகுதி மாறவே மாறாது. அதைக் கண்டுதான் கண் நிற்கும். பெயர் இரண்டு சொல்லோடு முடியவேண்டும் என்று சொன்னதும் இதற்காகத்தான். ‘இலங்கை அரச வர்த்தமானி வாராந்த வேலைவாய்ப்புத் தொகுப்பு’ என்று நீளமாக வைத்தால் பெயரே இடத்தை அடைத்துக்கொள்ளும், இந்த முறை என்ன புதிது என்பது மறைந்துவிடும்.

மூன்றாவது பகுதிதான் உங்கள் பழைய ‘தவறவிடாதீர்கள்’ இருந்த இடம். ஆச்சரியக்குறி செய்ய முயன்ற வேலையை இந்த எண்கள் செய்துவிடும். சாதாரண தரத்தோடு நின்ற ஒருவர் ‘சா/த 2’ என்பதைப் பார்த்ததும் தனக்கு உள்ளே இரண்டு இருக்கின்றன என்று அறிந்து திறக்கிறார். ‘சா/த 0’ என்று இருந்தால் திறக்காமல் போகிறார், ஏமாறவில்லை. அடுத்த கிழமை அவர் திரும்பி வருவார். இரண்டு முறை திறந்து பார்த்து ஒன்றும் இல்லாமல் போனவர்தான் மூன்றாம் முறை வரமாட்டார்.

நடுவில் உள்ள திகதியைத் தயவுசெய்து அலட்சியமாக எடுக்காதீர்கள். அந்தத் தம்பிக்கு நடந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது. உங்கள் பதிவுகளில் ‘இந்தக் கிழமை வந்துள்ள வேலைகள்’ என்றுதானே எழுதுகிறீர்கள்? பேஸ்புக் ஒரு பதிவை நான்கு நாள் கழித்தும் ஒருவருக்குக் காட்டும். யாராவது அதில் கருத்து எழுதினாலோ பகிர்ந்தாலோ மூன்று கிழமை கழித்தும் அது மேலே வரும். வாட்ஸ்அப்பில் ஒருவர் மற்றவருக்கு அனுப்பும்போது, நீங்கள் முதலில் எழுதிய திகதி கூடப் போகாது. பெறுகிறவருக்கு அது இன்று வந்த செய்திதான். ‘இந்தக் கிழமை’ என்ற சொல் எந்தக் கிழமையில் வாசித்தாலும் உண்மை போலவே ஒலிக்கும். ஆகவே ‘இன்று’, ‘நாளை’, ‘இந்தக் கிழமை’, ‘இன்னும் பத்து நாள்தான்’ என்ற சொற்களைப் பதிவில் எங்கும் பாவிக்காதீர்கள். எல்லாம் திகதியாக இருக்கட்டும்.

எந்தத் திகதி? நீங்கள் பதிவு போடும் நாள் அல்ல, வர்த்தமானியின் திகதி. documents.gov.lk இல் வர்த்தமானிகள் திகதி வாரியாகத்தான் கிடக்கின்றன. தலைப்பிலுள்ள திகதியை வைத்து வாசகர் நேரே மூல அறிவித்தலுக்குப் போய்விடலாம். சிலர் 1, 2, 3 என்று தொடர் எண் போடுவார்கள். கதைத் தொடருக்கு அது பொருந்தும். வேலைவாய்ப்புக்கு ‘34ஆம் பதிவு’ என்பதால் யாருக்கும் பயனில்லை, அது எப்போது வந்தது என்பதுதான் வேண்டும்.

உள்ளே உள்ள அடுக்கு

இப்போது நீங்கள் அடுக்குவது வர்த்தமானியில் வரும் வரிசைப்படி, அதாவது திணைக்களம் திணைக்களமாக. வாசகர் அப்படித் தேடுவதில்லை. ‘என் தகுதிக்கு ஏதாவது இருக்கிறதா?’ என்றுதான் தேடுகிறார். ஆகவே மூன்று பிரிவு, எப்போதும் இந்த வரிசையில்: க.பொ.த. சாதாரண தரம், க.பொ.த. உயர்தரம், பட்டம் அல்லது டிப்ளோமா. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் முடிவுத் திகதி கிட்ட இருப்பது முதலில் வரட்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து விவரம், அவையும் ஒழுங்கு மாறாமல். மாதிரிக்கு ஒன்று, இது நான் கற்பனையாக எழுதியது:

முடிவு: ஜூலை 18
பதவி: முகாமைத்துவ உதவியாளர்
வயது: 18 முதல் 30 வரை
அனுப்பும் வழி: பதிவுத் தபால்
வர்த்தமானி: ஜூன் 20, பகுதி I, பிரிவு (IIஅ), பக்கம் (எண்)

முடிவுத் திகதியை முதல் வரியாக வைத்ததற்குக் காரணம், யாராவது அந்த ஒரு வேலையை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினாலும் திகதி வெட்டுப்படாமல் கூடப் போக வேண்டும் என்பதுதான். வர்த்தமானித் திகதியைக் கடைசி வரியில் மீண்டும் போட்டதும் இதற்காகவே. பக்க எண் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் நீங்கள் ஏதாவது தவறவிட்டிருந்தால் வாசகர் தானே பார்த்துக் கண்டுபிடிக்க அந்த எண்தான் வழி.

ஒரு பிரிவில் வேலையே இல்லாவிட்டால் அந்தத் தலைப்பை எடுத்துவிட வேண்டாம். ‘க.பொ.த. சாதாரண தரம்: இந்த வர்த்தமானியில் இல்லை’ என்று ஒரு வரி எழுதுங்கள். தலைப்பே இல்லாமல் போனால், இல்லையா அல்லது அக்கா பார்க்க மறந்துவிட்டாவா என்று வாசகருக்குத் தெரியாது. அந்த ஒரு வரி நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பதற்குச் சாட்சி.

பிழை வரும். எட்டு மாதத்தில் ஒரு திகதி கூடப் பிழைத்திருக்காது என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள். அதற்கும் ஒரு நிலையான இடம் வேண்டும். பேஸ்புக் பதிவில் முதல் வரிக்குக் கீழே, இரண்டாம் வரியாக ‘திருத்தம்:’ என்று தொடங்கிச் சரியான திகதியைப் போட்டு, உள்ளேயும் மாற்றுங்கள். மற்றவர்கள் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்ட பிரதிகளை உங்களால் மாற்ற முடியாது. அதனால் அடுத்த கிழமைப் பதிவிலும் அதே இரண்டாம் வரியில் திருத்தத்தை ஒருமுறை சொல்லுங்கள். திருத்தம் எங்கே வரும் என்று தெரிந்தவர் அங்கே ஒருமுறை கண்ணோட்டிவிட்டுத்தான் கீழே போவார்.

எந்த நாள், எத்தனை மணி

வர்த்தமானி வெள்ளிக்கிழமை வருகிறது. வெள்ளி இரவு நீங்கள் வேலையால் வந்து களைத்திருப்பீர்கள், அவசரமாகப் போட்டால் திகதிதான் பிழைக்கும். சனி பகலில் அமைதியாக இருந்து எழுதுங்கள். ஞாயிறு காலை 7 மணிக்குப் பதிவு வரட்டும். பேஸ்புக் பக்கத்துக்கு மெட்டா பிஸ்னஸ் சூட்டில் நேரம் குறித்து வைக்கலாம், அது தானாகப் போகும். சேனலில் கையால் போடுங்கள், ஐந்து நிமிடம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. வெள்ளி விடுமுறையாகி வர்த்தமானி வரும் நாள் மாறினாலும் உங்கள் ஞாயிறு 7 மணி மாறக்கூடாது. இடையில் ஒரு நாள் மிச்சம் வைத்திருப்பதால் இது முடியும்.

நேரத்தைப் பக்கத்தின் அறிமுக வரியில் எழுதிவையுங்கள்: ‘வர்த்தமானியில் வேலை: ஒவ்வொரு ஞாயிறும் காலை 7 மணி.’ புதிய பதிவைப் பக்கத்தின் மேலே பொருத்தி, பழையதைக் கழற்றிவிடுங்கள். வாசகர் உங்களைத் தேடி வருவது என்றால், பேஸ்புக் கொண்டுவந்து காட்டும்வரை காத்திராமல் தானே பக்கத்துக்கு வருவதுதான். வருகிறவருக்கு முதலில் படுவது போன மாதப் பதிவாக இருந்தால் அந்தத் தம்பியின் கதை இன்னொருவருக்கும் நடக்கும்.

வாட்ஸ்அப் சேனலில் ஒரு தடை இருக்கிறது. சேனலைப் பின்தொடர்கிறவருக்கு அறிவிப்பு இயல்பாக அடைத்துத்தான் இருக்கும். அவர் தானே மணிக்குறியை அழுத்தித் திறந்தால்தான் ஒலிக்கும். பலருக்கு இது தெரியாது. ‘உங்கள் சேனலில் இருக்கிறேன், ஒன்றும் வரவில்லை’ என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் கேளுங்கள். மணியைத் திறக்காதவரும் ஞாயிறு 7 மணி என்று பழகிவிட்டால் தானே போய்ப் பார்ப்பார்.

ஒன்றும் இல்லாத கிழமையும், முடியாத கிழமையும்

நல்ல வேலை வராத கிழமையிலும் அதே பெயரில், அதே நேரத்தில், அதே முதல் வரியோடு போடுங்கள்: ‘சா/த 0, உ/த 1, பட்டம் 0’ என்று இருந்தாலும் சரி. பதிவு குறுகியதாக இருக்கும், இருக்கட்டும். இடத்தை நிரப்புவதற்காக தனியார் கம்பனி விளம்பரத்தையோ வெளிநாட்டு வேலையையோ இந்தப் பெயருக்குக் கீழே கொண்டுவர வேண்டாம். இங்கே உங்கள் ஆபத்து பெரியது. வர்த்தமானி என்ற பெயரைப் பார்த்து நம்பியவர், அதற்குக் கீழே உள்ள முகவர் விளம்பரத்தையும் அரசாங்கம் சொன்னதாக எடுத்துக்கொண்டு காசு கட்டக்கூடும். தனியார் வேலை போடத்தான் வேண்டும் என்றால் வேறு பெயர், வேறு நிறம், வேறு நாள். கிழமை நடுவில் அவசரமாக ஏதாவது வந்தாலும் இந்தப் பெயரைத் தொடாமல் தனிப் பதிவாகப் போடுங்கள். அது வர்த்தமானியில் வந்ததுதான் என்றால் ஞாயிறு பதிவிலும் தன் இடத்தில் வரட்டும்.

காய்ச்சல் வரும், பரீட்சை வரும், ஊருக்குப் போவீர்கள். அந்தக் கிழமை மௌனமாக இருக்காதீர்கள். ஞாயிறு 7 மணிக்கு அதே பெயரில் இரண்டு வரி: ‘வர்த்தமானியில் வேலை | ஜூன் 20 | செவ்வாய் (ஜூன் 24) இரவு 8 மணிக்கு வரும். அதுவரை documents.gov.lk பாருங்கள்.’ பதிவு தாமதமானால் வாசகர் பொறுத்துக்கொள்வார். ஒன்றும் சொல்லாமல் இரண்டு கிழமை போனால் பழகிய விரல் வேறு பக்கத்துக்குப் பழகிவிடும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். அது இதற்குச் சரியான அளவுகோல் அல்ல. பெயர் வைத்த பிறகு மூன்று மாதம், அதாவது 13 பதிவுகள், எதையும் மாற்றாமல் விடுங்கள். இடையில் நிறத்தை மாற்றலாமா, பெயரைச் சுருக்கலாமா என்று கை துருதுருக்கும், பொறுங்கள். பக்கத்தின் புள்ளிவிவரத்தில் ஒவ்வொரு பதிவையும் ஞாயிறு காலை 9 மணிக்கு எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். வாசகர் தானே தேடி வருகிறார் என்றால் முதல் இரண்டு மணி நேரப் பார்வை மெல்ல ஏற வேண்டும். மொத்தப் பார்வை பெரிதாக மாறாமலும் இருக்கலாம்.

அதைவிட உங்கள் இன்பொக்ஸ் தெளிவாகச் சொல்லும். இப்போது உங்களிடம் கேட்பது, பதிவு போட்ட பிறகு ‘போடவில்லையா?’ என்று. பழக்கம் வந்துவிட்டால் இந்தக் கேள்வி திங்கட்கிழமையில் குறையும். நீங்கள் ஏதாவது ஒரு ஞாயிறு 7.30 ஆகியும் போடாமல் இருந்தால் அப்போது வரும். பெயரைச் சொல்லியும் கேட்பார்கள். 13 பதிவு கழித்தும் திங்கட்கிழமைக் கேள்விகள் அப்படியே வந்தால் இரண்டு இடத்தைச் சோதியுங்கள்: முதல் வரி உண்மையிலேயே எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்ததா, புதிய பதிவு பக்கத்தின் மேலே பொருத்தப்பட்டிருந்ததா. நான் பார்த்த பக்கங்களில் அனேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான் தவறியிருந்தது.

இனிப் பழைய எட்டு மாதப் பதிவுகள். எல்லாவற்றையும் திருத்த உட்கார்ந்தால் இந்த ஞாயிறு பதிவு வராது. முடிவுத் திகதி கடந்த பதிவுகளில், ஆட்கள் அதிகம் பகிர்ந்த பத்தோ பன்னிரண்டோ மட்டும் எடுத்து, முதல் வரியாக ‘முடிந்துவிட்டது. புதியவை: வர்த்தமானியில் வேலை, ஞாயிறு காலை 7 மணி’ என்று சேர்த்துவிடுங்கள். சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் போதும். அந்தத் தம்பி பார்த்த பதிவிலிருந்து தொடங்குங்கள். அவருக்கும் ஒரு செய்தி அனுப்பி, அவருடைய தகுதி என்ன என்று கேளுங்கள். வருகிற வர்த்தமானியில் அவருக்குப் பொருந்துவது ஏதாவது இருந்தால், அது எந்தப் பிரிவின் கீழ் வரும் என்று அவர் இனித் தானே பார்த்துக்கொள்வார்.